ஒரு படம், ஏழு இடம்: சிறிய பார்லரில் வாடிக்கையாளர் எண், படம், புக்கிங் விவரத்தை வைத்திருக்கும் முறை

கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ இரண்டு நாற்காலி, ஒரு உரிமையாளர், இரண்டு உதவியாளர்கள், கடைக்கென்று ஒரு ஆண்ட்ராய்டு போன் என்று நடக்கும் பெண்கள் பார்லருக்காக எழுதப்பட்டது இது. ஆண்கள் சலூனுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் சிக்கல் அதிகம் வருவது மணப்பெண் அலங்காரத்தில் என்பதால், 041 என்ற அட்டை எண் கொண்ட ஒரு கற்பனை மணப்பெண்ணைத் தொடக்கம் முதல் கடைசி வரை கூட வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெண்கள் தவிர வேறு யாரும் தன் முகப்படத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம். இந்தக் கரையில் அப்படிக் கேட்பவர்கள் அரிதல்ல.

வரிசையை மாற்றாதீர்கள். படத்தை எடுத்துவிட்டு எங்கே வைப்பது என்று யோசிப்பதுதான் புதிதாகக் கடை தொடங்குபவர்கள் செய்யும் முதல் பிழை. அதற்குள் படம் நான்கைந்து இடத்துக்குப் போயிருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைக்கென்று தனி சிம், தனி கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு கூகுள் ஷீட், அச்சடித்த ஒப்புதல் சீட்டு ஐம்பது, பூட்டு உள்ள ஒரு இழுப்பறை. இவ்வளவுதான். புக்கிங் செயலி எதையும் முதலில் வாங்க வேண்டாம். எந்த விவரம் தேவை என்று தெரியாமல் வாங்கினால், அந்தச் செயலி கேட்கும் பிறந்தநாள், முகவரி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் நிரப்பத் தொடங்கிவிடுவீர்கள்.

சட்டம் பற்றி ஒரு பத்தி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. நமக்கு வேண்டிய சாரம் இது: எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், ஒப்புதலைக் கொடுத்த அதே எளிமையில் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பேப்பர் நோட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நோட்டில் உள்ளதைப் போனில் ஏற்றிய நொடியில் பொருந்தத் தொடங்கிவிடும்.

2. முதல் வேலை: கடைக்குத் தனிக் கணக்கு

கடைப் போனில் உங்கள் சொந்த கூகுள் கணக்கு இருக்கக் கூடாது. அந்தக் கணக்கு வீட்டில் பிள்ளைகள் பார்க்கும் டேப்லெட்டிலும், அண்ணன் மகனின் பழைய போனிலும் திறந்திருக்கும். கடையில் எடுத்த படம் அங்கேயும் போய் நிற்கும். எனவே புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, அதை மட்டும் கடைப் போனில் போடுங்கள்.

கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டதும் `Backup codes` என்ற இடத்தில் கூகுள் பத்துக் குறியீடுகள் தரும். அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், கடையில் அல்ல. காரணம், கடைப் போன் தொலைந்தால் வேறு போனில் உள்ளே நுழையப் பார்ப்பீர்கள். அப்போது கூகுள் அனுமதி கேட்டுச் செய்தி அனுப்புவது தொலைந்த அந்தப் போனுக்கே! வீட்டில் இருக்கும் தாள்தான் உள்ளே விடும்.

போன் பூட்டுக்கு ஆறு இலக்க எண் வையுங்கள். கோடு இழுக்கும் பூட்டு வேண்டாம். கிரீம் பட்ட விரலால் இழுத்த கோடு திரையில் அப்படியே தெரியும்.

வாட்ஸ்அப் பிசினஸில் `Two-step verification` என்பதை இயக்கி வேறொரு ஆறு இலக்க எண் வையுங்கள். சிம்முக்கும் பின் எண் போடலாம். ஆனால் சிம்மின் தொடக்கப் பின் எண் என்ன என்று அந்த நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். ஊகித்து மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், அன்றைய புக்கிங் அழைப்பு எதுவும் வராது.

3. எதை எழுதுவது, எதை விடுவது

ஷீட்டில் இரண்டு தாள்கள் போதும். முதலாவது 'அட்டை': ஒருவருக்கு ஒரு வரி. இரண்டாவது 'வருகை': ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு வரி. வருகைத் தாளில் பெயர் கிடையாது, அட்டை எண்தான் இருக்கும். உதவியாளர் ஷீட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாலும், நாற்காலியில் இருப்பவர் படிப்பது 041, 17, 88 என்ற எண்களைத்தான்.

அட்டைத் தாளின் பத்திகள் இவை: அட்டை எண், பெயர், போன் எண், அது யாருடைய போன், படச் சீட்டில் சொன்னது, கடைசியாக வந்த நாள், அழிக்கும் நாள், ஒவ்வாமை. ஆதார் எண், பிறந்த ஆண்டு, கணவர் பெயர், ஊர்த்தெரு எதுவும் வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப ஆசைப்பட்டால் நாளும் மாதமும் போதும்.

மணப்பெண் வீட்டுக்குப் போய் அலங்காரம் செய்வதென்றால் முகவரி தேவைப்படும். அதை ஷீட்டில் ஏற்றாமல் அன்றைய புக்கிங் சீட்டில் எழுதி, வேலை முடிந்த வாரத்தில் கிழித்துவிடுங்கள். கல்யாண வீட்டு முகவரி, தேதி, வீட்டார் எல்லோரும் மண்டபத்தில் இருக்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒரே வரியில் இருப்பது நகை இருக்கும் வீட்டுக்கு வழிகாட்டிப் பலகை வைத்தது போல.

ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்தவர் தலை அலசிக்கொள்ள ஒரே ஒருமுறை வருவார். அவருக்கு அட்டை போடாதீர்கள். அன்றைய நேரத்துக்கு அழைக்க எண் வாங்கியிருந்தால் மாலையில் அழித்துவிடுங்கள்.

கடைசியாக வந்த நாளும் அழிக்கும் நாளும் தாமாக நிரம்பும்படி இந்த இரண்டு சூத்திரங்களைப் போடுங்கள். வருகைத் தாளில் A பத்தியில் அட்டை எண், B பத்தியில் தேதி இருக்க வேண்டும்.

```
F2: =IF(COUNTIF('வருகை'!A:A,A2)=0,"",MAXIFS('வருகை'!B:B,'வருகை'!A:A,A2))
G2: =IF(F2="","",EDATE(F2,18))
```

பதினெட்டு மாதம் என்பது சட்டம் சொன்ன கணக்கல்ல. சாயம் பூச வருபவர் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஒன்றரை ஆண்டு வராதவர் ஊர் மாறியிருப்பார் அல்லது கடை மாறியிருப்பார். அவருடைய பழைய சாயக் குறிப்பும் அதற்குள் உதவாததாகியிருக்கும்.

இங்கே மூன்று இடறல்கள். G பத்தியில் தேதிக்குப் பதில் 46 ஆயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம். `Format` > `Number` > `Date` கொடுத்தால் தேதியாகிவிடும். இரண்டாவது கொஞ்சம் விஷமமானது. ஷீட்டின் `Locale` அமெரிக்காவாக இருந்தால், நீங்கள் ஜூலை 5 என்று நினைத்து 05/07 அடிப்பதை அது மே 7 என்று எடுத்துக்கொள்ளும், சத்தமே போடாது. 25/07 அடித்தால் அது தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். `File` > `Settings` போய் இந்தியா என்று மாற்றிவிட்டே முதல் தேதியை அடியுங்கள். மூன்றாவது, வளைகுடா எண்ணை +971 என்று தொடங்கி அடித்தால் கூட்டல் குறி மறைந்துபோகும். போன் எண் பத்தி முழுவதையும் முன்கூட்டியே `Plain text` ஆக்குங்கள்.

பகிர்வில் `Anyone with the link` என்பது ஒருபோதும் வேண்டாம். அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் தவறி விழுந்தால் ஊரே பதிவேட்டைத் திறக்கலாம்.

4. எண் வாங்கும்போது ஒரு கூடுதல் கேள்வி

"இது உங்க போனா, வீட்டுல வேற யாராவது பார்ப்பாங்களா?" புக்கிங் எழுதும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். இந்தப் பக்கம் பல வீடுகளில் பெண் கொடுக்கும் எண் அம்மாவுடையது, தம்பியுடையது அல்லது வெளிநாட்டில் இருக்கும் கணவருடைய வாட்ஸ்அப். 041 கொடுத்தது அண்ணன் எண். நாம் அனுப்பும் செய்தியை முதலில் படிப்பவர் அண்ணன்.

ஆகவே நினைவூட்டும் செய்தியில் சேவையின் பெயர் வரக் கூடாது. முடி கொட்டுவதற்கான சிகிச்சை, வேக்சிங், முகப்பரு எதுவும். யார் படித்தாலும் பாதகமில்லாத வாசகம் ஒன்றை வாட்ஸ்அப் பிசினஸின் `Quick replies` பகுதியில் சேமித்து எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்:

"வணக்கம். நாளை காலை 11 மணிக்கு உங்கள் நேரம் ஒதுக்கியிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்."

எண்ணைப் போனில் சேமிக்கும்போது பெயரோடு வேலையைச் சேர்த்து எழுதும் பழக்கம் எல்லாக் கடைகளிலும் உண்டு: பெயர், பக்கத்தில் 'ஹேர்ஃபால்'. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் சில, போனில் உள்ள தொடர்புப் பட்டியலையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் வைத்த பட்டம் வேறொருவர் திரையில் அந்தப் பெண்ணின் பெயராகத் தோன்றலாம். பெயரும் அட்டை எண்ணும் போதும். அந்த வகைச் செயலியைக் கடைப் போனில் போடவே வேண்டாம்.

சேமிக்கும் இடம் கடையின் கூகுள் கணக்காக இருக்கட்டும். உதவியாளர் அவசரத்துக்குத் தன் போனிலிருந்து அழைத்தால் அந்த எண் அவர் போனில் தங்கிவிடும். அழைக்க வேண்டியது கடைப் போனில்தான் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெருநாள், தீபாவளிச் சலுகை அறிவிக்க வாட்ஸ்அப் குழு தொடங்கினால், ஒருவர் எண்ணை மற்ற எல்லோருக்கும் கொடுத்ததாக ஆகும். அதற்கு `Broadcast list` இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். போகாதவர்களுக்குத் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டிருக்காதீர்கள். எண்ணைச் சேமிக்காததே அவர் சொல்லும் பதில்.

5. ஒப்புதல் சீட்டு: மூன்று கேள்வி, மூன்று பெட்டி

"போட்டோ எடுத்துக்கலாமா?" என்ற ஒற்றைக் கேள்விக்குக் கிடைக்கும் "ம்" எதற்கும் உதவாது. எடுப்பது, பிறருக்குக் காட்டுவது, ஊருக்குப் போடுவது மூன்றும் வேறு வேறு. சீட்டில் இப்படி அச்சடியுங்கள்:

"1. அடுத்த முறை பார்த்துச் செய்ய, கடையில் படம் வைத்துக்கொள்ளலாம். முகத்துடன் / முகம் இல்லாமல்.
2. கடைக்கு வரும் மற்றப் பெண்களுக்கு மாதிரியாகக் காட்டலாம்.
3. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராமில் போடலாம்.
எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பி எதையும் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றாலும் விலையோ வேலையோ மாறாது."

பெட்டிகள் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் முன்கூட்டியே டிக் போட்டுக் கொடுத்தால் அது அவருடைய சொல் ஆகாது. படத்துக்கு ஒத்துக்கொண்டால் ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி என்பதும் வேண்டாம். ஒப்புதல் தானாக வர வேண்டும் என்கிறது சட்டம். பணத்துக்காகக் கொடுத்த ஒப்புதல்தான் பிறகு வீட்டாருக்குத் தெரிந்து சண்டையாகிறது.

சீட்டைக் கொடுக்க வேண்டிய நாள் புக்கிங் நாள் அல்லது டிரையல் நாள். கல்யாணத்தன்று காலை ஐந்து மணிக்கு, பாதி மேக்கப்பில், வெளியே வேன் நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணும் எதையும் படிக்க மாட்டாள், கையெழுத்து மட்டும் போடுவாள்.

041 முதல் பெட்டியில் 'முகம் இல்லாமல்' என்று டிக் போட்டார், மற்ற இரண்டையும் விட்டுவிட்டார். ஷீட்டில் அவர் வரியில் '1, முகம் இல்லை' என்று ஏறுகிறது. சீட்டு இழுப்பறைக்குப் போகிறது.

6. படம் எடுக்கும் இடமும் எடுக்கும் போனும்

பார்லர் படத்தில் முகத்தை மறைப்பது எளிது, கண்ணாடியை மறப்பதும் எளிது. மணப்பெண்ணின் பின்தலைப் பூ அலங்காரத்தை மட்டும் எடுத்ததாக நினைப்போம். எதிரே இருக்கும் கண்ணாடியில் அவர் முகம், பக்கத்து நாற்காலியில் துணி விலக்கி உட்கார்ந்திருக்கும் இன்னொருவர், வாசலில் நிற்கும் குழந்தை எல்லாம் பதிவாகியிருக்கும். கண்ணாடி இல்லாத சுவர் ஒன்றில் வெளிர்நிறத் திரை கட்டி, அங்கே மட்டும் படம் எடுப்பது என்று வையுங்கள். திரைக்கு இரண்டு மீட்டர் துணி போதும். இந்த ஒரு மாற்றம் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

மணப்பெண் தனக்காகக் கேட்கும் படத்தை அவருடைய போனிலேயே எடுத்துக் கொடுங்கள். கடைப் போனில் எடுத்து அனுப்புவதுதான் வழக்கம். ஆனால் அதில் அவருக்கு ஒரு படம் போகும்போது நம்மிடம் மூன்று தங்கிவிடுகிறது. அவர் போனில் எடுத்தால் நம்மிடம் ஒன்றுமே இல்லை, பாதுகாக்கவும் வேண்டியதில்லை.

உதவியாளர் போன், மருதாணி போட வந்த பெண்ணின் போன், எதிலும் படம் கூடாது. "டிசைனை மட்டும் எடுத்துக்கிறேன்" என்பார்கள். மருதாணிக் கையோடு மணப்பெண்ணின் மடியும் நகையும் அதில் வரும்.

கேமராவில் `Location tags` அல்லது அதைப் போன்ற பெயரில் இருக்கும் அமைப்பை அணையுங்கள். வீட்டுக்குப் போய் அலங்காரம் செய்யும்போது எடுத்த படத்தில் அந்த வீட்டின் இடக்குறிப்பு பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று `Document` ஆக அனுப்பினால் நீங்காது.

7. எடுத்த படம் எங்கே தங்குகிறது

கடைப் போனில் எடுத்த ஒரே படம், யாரும் எதுவும் யோசிக்காமல் விட்டால், இந்த இடங்களில் எல்லாம் இருக்கும்: கேமரா கோப்புறை, கூகுள் போட்டோஸின் இணையப் பிரதி, வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது போனில் உருவான `Sent` கோப்புறைப் பிரதி, வாட்ஸ்அப் உரையாடல் பேக்கப், ஸ்டேட்டஸ் போடச் சொல்லி அனுப்பிய உதவியாளரின் போன், இன்ஸ்டாகிராமில் பாதி செய்து விட்ட டிராஃப்ட். அழித்த பிறகு முளைக்கும் ஏழாவது இடம் குப்பைத்தொட்டி.

ஏழையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது. முதலிலேயே வாய்க்காலை அடைப்பதுதான் வழி. கூகுள் போட்டோஸில் `Backup` என்பதை முழுவதும் அணையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் `Settings` > `Chats` > `Media visibility` என்பதை அணையுங்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பும் மாதிரிப் படங்கள் கேலரிக்குள் கொட்டுவது அதோடு நிற்கும். அதற்கு முன் வந்தவை கேலரியிலேயே இருக்கும், அவற்றைக் கையால் துடைக்க வேண்டும். உரையாடல் பேக்கப் வேண்டுமென்றால் `End-to-end encrypted backup` என்பதை இயக்கிய பிறகு எடுங்கள். அதன் கடவுச்சொல் மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது, அதையும் வீட்டுத் தாளில் எழுதுங்கள்.

ஒப்புதல் உள்ள படத்துக்கு ஒரே வீடு: கடைக் கணக்கின் கூகுள் டிரைவில், யாரோடும் பகிராத ஒரு கோப்புறை. கோப்பின் பெயர் `041-1` என்று அட்டை எண்ணும் சீட்டில் டிக் போட்ட பெட்டியின் எண்ணும் சேர்ந்தது. ஏற்றியதும் போனில் உள்ளதை அன்று மாலையே அழிக்க வேண்டும். மறுநாள் காலை என்றால் நடக்காது.

இந்தப் படங்களுக்கு இரண்டாவது பேக்கப் எடுக்காதீர்கள் என்பது எங்கள் முடிவு. படம் தொலைந்தால் நட்டம் ஒரு மாதிரி ஆல்பம். படம் கசிந்தால் ஒரு குடும்பத்தின் நிம்மதி. இரண்டும் சமமல்ல. பேக்கப் வேண்டியது பதிவேட்டுக்குத்தான். மாதம் ஒருமுறை அதை அச்சடித்து, சீட்டுகளோடு பூட்டி வைத்தால் மின்சாரம், நெட் இல்லாத நாளிலும் கடை நடக்கும். கடற்கரை ஊரில் பென்டிரைவை நம்ப வேண்டாம். உப்புக் காற்றில் அதன் உலோக முனை துருப்பிடிக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

8. வந்துபோன விவரத்தில் காக்க வேண்டிய ஒரு வரி

வருகைத் தாளில் எழுதுவது தேதி, வேலை, பயன்படுத்திய பொருள், செய்தவர். சாயம் என்றால் பிராண்ட், நிற எண், டெவலப்பர் அளவு, எத்தனை நிமிடம் வைத்தது. அரட்டையில் சொன்னதை எழுத வேண்டாம். "மாமியாரோடு வருவார், அவர் முன்னால் பேச வேண்டாம்" போன்ற குறிப்பு உதவியாகத் தோன்றும். அந்த மாமியாரே ஒருநாள் அந்தத் தாளைப் பார்த்தால்?

ஒவ்வாமை மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலான நிரந்தரக் கருஞ்சாயங்களில் பிபிடி என்ற வேதிப்பொருள் உண்டு. உடனே கறுக்கும் கருப்பு மெஹந்தி கோன்களிலும் அது கலந்திருக்கலாம். பெருநாளுக்கு அந்தக் கோனைப் போட்டு அரிப்பு வந்த பெண்ணுக்குப் பிறகு சாயம் பூசினால், தலையும் முகமும் கடுமையாக வீங்கக்கூடும். எனவே புக்கிங்கின்போதே கேளுங்கள். சாயத்துக்கு 48 மணி நேரம் முன்பு, பெட்டியில் உள்ள துண்டுச்சீட்டு சொல்லும் முறையில் சிறிய இடத்தில் பூசிப் பாருங்கள். முடிவைத் தேதியோடு எழுதுங்கள்: "14/06/2026, முழங்கை மடிப்பு, அரிப்பு, சாயம் போடவில்லை."

இது உடல்நல விவரம், மற்ற எல்லாவற்றையும்விட அந்தரங்கமானது. ஆனாலும் அவர் வந்துகொண்டிருக்கும்வரை அழியாமல் இருக்க வேண்டியதும் இதுதான். எல்லாப் பணியாளரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் யாரும் பார்க்கும்படி இருக்கக் கூடாது. சுவரில் ஒட்டிய பட்டியல் இரண்டாவதைக் கெடுக்கும்.

9. "அழிச்சிடுங்கக்கா" என்று செய்தி வந்தால்

கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் 041இடமிருந்து செய்தி வருகிறது. ஏன் என்று கேட்க வேண்டாம். "இன்று மாலைக்குள் அழித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் போட்டுவிட்டு, இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பிறர் கண்ணில் படும் இடம்: ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், டிராஃப்ட். அடுத்து வாட்ஸ்அப். அந்தப் படத்தை உதவியாளருக்கு அனுப்பியிருந்தால் `Delete for everyone` இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரைதான் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, அவர் போனை வாங்கி நேரில் அழிப்பதே வழி. பிறகு போனின் `Files` செயலியில் இந்த இடத்தைத் திறந்து பாருங்கள்:

```
Android/media/com.whatsapp.w4b/WhatsApp Business/Media/WhatsApp Business Images/Sent
```

கடைசியில் டிரைவ் கோப்புறை, அதன் பிறகு டிரைவின் `Bin`. காலி செய்யாமல் விட்டால் அங்கே 30 நாள் கிடக்கும். கூகுள் போட்டோஸ் பேக்கப் முன்பு எப்போதாவது ஓடியிருந்தால் அதையும் திறந்து பாருங்கள். அங்கே குப்பையில் 60 நாள் இருக்கும். வேறு கேலரி செயலியில் அழித்தால் இணையப் பிரதி போகாது என்பதுதான் பலரும் ஏமாறும் இடம்.

041 விஷயத்தில் இருந்தது ஒரே ஒரு பின்தலைப் படம், டிரைவில். ஐந்து நிமிட வேலை. ஷீட்டில் படப் பத்தியை 0 ஆக்கி, சீட்டில் "திரும்பப் பெற்றார்" என்று தேதி போட்டு வைக்கிறோம். சாயக் குறிப்பும் எண்ணும் இருக்கட்டுமா என்று தனியாகக் கேளுங்கள். படத்தை எடுக்கச் சொன்னதால் ஒவ்வாமைக் குறிப்பையும் அழிக்கச் சொன்னார் என்று ஆகாது.

10. ஆடியில் துடைப்பது

ஆடியில் முகூர்த்தம் குறைவு, கடையில் நேரம் இருக்கும். அழிக்கும் நாள் கடந்த வரிகளை G பத்தியில் வரிசைப்படுத்தி எடுங்கள். போனில் சேமித்த எண், டிரைவ் படம், இழுப்பறைச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், வருகைத் தாளின் வரிகள், கடைசியில் அட்டை வரி என்று நீக்குங்கள். அட்டை வரியை முதலில் அழித்தால் மற்றவை யாருடையவை என்று தெரியாமல் தங்கிவிடும். பழைய மாத அச்சுப் பிரதிகளையும் கிழித்துவிடுங்கள். பில் புத்தகம் வரிக் கணக்குக்கானது, அதைத் தொட வேண்டாம். அதில் பெயரும் தொகையும் தவிர வேறெதுவும் எழுதாமலிருந்தால் போதும்.

வரியை நீக்கினாலும் அது ஷீட்டின் `Version history` பகுதியில் இருக்கும். ஆகவே துடைத்து முடித்ததும் `Make a copy` கொடுத்துப் புதுக் கோப்பு எடுங்கள். பழைய வரலாறு அதற்குள் வராது. புதியதில் சூத்திரங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழைய கோப்பை நீக்கி, குப்பையையும் காலி செய்யுங்கள்.

11. போன் தொலைந்தால், ஆள் விலகினால்

போன் காணவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சிம்மை முடக்குகிறார்கள். அதைச் செய்தால் போனுக்கு நெட் போய்விடும். பூட்டு, அழி என்று நாம் அனுப்பும் கட்டளை அங்கே சேராது. முதலில் வேறு போனில் கடைக் கணக்கைத் திறந்து, கூகுளின் `Find Hub` மூலம் பூட்டுங்கள். திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தால் அழியுங்கள். அழித்த பிறகு இடம் காட்டாது, அதனால் இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலை. அதன் பிறகு சிம் முடக்கம், காவல் நிலையப் புகார், புகார் நகலோடு `ceir.gov.in` தளத்தில் போனையே முடக்குவது. அங்கே ஐஎம்இஐ எண் கேட்கும். `*#06#` அடித்தால் வரும் அந்த எண்ணை இன்றைக்கே வீட்டுத் தாளில் எழுதி வையுங்கள், தொலைந்த பிறகு அடிக்கப் போன் இருக்காது.

அதே எண்ணில் புது சிம் வாங்கி வாட்ஸ்அப்பைத் தொடங்கினால் பழைய போனில் அது வெளியேறிவிடும். போனில் படம் ஏதாவது மீதம் இருந்திருக்கலாம் என்றால் அந்தப் பெண்களுக்கு அன்றே, அவரவர் கையில் போன் இருக்கும் நேரம் பார்த்து, நேரடியாக அழைத்துச் சொல்லுங்கள். பணம் கேட்டோ படத்தைக் காட்டி மிரட்டியோ யாருக்காவது அழைப்பு வந்தால் 1930.

உதவியாளர் வேலையை விட்டுப் போகும் நாளில் போன் பூட்டு எண்ணையும் கூகுள் கடவுச்சொல்லையும் மாற்றி, வாட்ஸ்அப்பின் `Linked devices` பட்டியலைத் திறந்து தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். யார் மீதும் சந்தேகம் இருப்பதாக அதற்கு அர்த்தமில்லை. அவரிடம் கடைப் படமும் எண்ணும் இருந்தால் சம்பளக் கணக்கு முடிக்கும்போது இருவரும் சேர்ந்து பார்த்து நீக்குவது என்று, வேலைக்குச் சேரும் நாளிலேயே பேசி வைத்திருந்தால் அந்த நாளில் மனத்தாங்கல் வராது.